சரியும் சங்கிலிக் கணக்கு: விடையைப் பார்த்தே பிழையைப் பிடிப்பது

வழவழப்பான மேசை மேல் ஒரு சீரான சங்கிலி நேராகக் கிடக்கிறது. அதன் ஒரு பகுதி விளிம்பைத் தாண்டித் தொங்குகிறது. பிடித்திருந்த கையை எடுத்ததும் சங்கிலி சரியத் தொடங்குகிறது. தொங்கும் நீளம் கூடக் கூட முடுக்கம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

பார்க்க எளிய கணக்கு. ஆனால் இதில் தவறான விடைக்குப் போகும் பாதைகள் நிறைய இருக்கின்றன, ஒவ்வொன்றும் முதல் பார்வைக்கு நியாயமாகவே தெரியும். நல்ல வேளையாக, ஒவ்வொரு தவறும் தனக்கென்று ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. அதனால் ஒரே ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு, வந்த விடையிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பிழையைத் தேடலாம்.

எடுத்துக்காட்டு இது: சங்கிலியின் மொத்த நீளம் L = 1 மீட்டர். தொடக்கத்தில் தொங்கும் நீளம் b = 0.2 மீட்டர். ஈர்ப்பு முடுக்கம் g = 9.8. உராய்வு இப்போதைக்கு இல்லை. சங்கிலியின் வால் விளிம்பை விட்டு நழுவும் கணத்தில் வேகம் என்ன? x என்று எழுதினால் ஏதேனும் ஒரு கணத்தில் தொங்கும் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரியான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்கிலியை இழுப்பது தொங்கும் பகுதியின் எடை மட்டும். ஆனால் நகர வேண்டியது முழுச் சங்கிலியும். ஒரு மீட்டருக்கு λ நிறை என்றால், இழுக்கும் விசை λxg, நகரும் நிறை λL. ஆகவே

```
a  = g x / L
v² = (g / L)(x² − b²)
```

இரண்டாவது வரி முதல் வரியைத் தூரத்தால் தொகையிட்டுக் கிடைப்பது. x = 1 என்று போட்டால் v² = 9.8 × 0.96 = 9.408, வேகம் நொடிக்கு 3.07 மீட்டர். நிறை அடிபட்டுப் போய்விடுகிறது. இரும்புச் சங்கிலியோ பிளாஸ்டிக் சங்கிலியோ, விடை ஒன்றுதான். சரி, உங்களுக்கு வந்தது 3.07 இல்லை என்றால் கீழே பாருங்கள்.

அறிகுறி: விடை 1.77 அல்லது 3.96

இரண்டுமே பெரும்பாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். `v² = u² + 2as` என்ற சூத்திரம் கைக்குப் பழகியது, அதனால் கை தானாக அங்கே போகிறது. அந்தச் சூத்திரம் முடுக்கம் மாறாமல் இருந்தால் மட்டுமே செல்லும். இங்கே முடுக்கம் தொடக்கத்தில் 9.8 × 0.2 = 1.96. முடிவில் 9.8. வழி நெடுக ஏறிக்கொண்டே போகிறது. தொடக்க மதிப்பை எடுத்துப் போட்டவருக்கு 1.77 வரும், முடிவு மதிப்பைப் போட்டவருக்கு 3.96.

3.96-க்கு இன்னொரு வழியும் உண்டு, அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். உங்கள் தாளில் `a = g` என்று எங்காவது இருக்கிறதா? இருந்தால் தொங்கும் பகுதியை மட்டும் எடுத்து, அதன் எடையை அதன் நிறையாலேயே வகுத்திருக்கிறீர்கள். மேசை மேல் கிடக்கும் 80 சென்டிமீட்டரை யார் இழுப்பது? அந்தப் பகுதி கீழே விழவில்லை என்பது உண்மைதான், ஆனால் பக்கவாட்டில் அதுவும் அதே வேகத்தில் நகர்கிறது. அதை நகர்த்தும் விசை தொங்கும் பகுதியிலிருந்துதான் வர வேண்டும். அதனால் தொங்கும் பகுதியின் மேல்முனையில் மேல்நோக்கி ஓர் இழுவிசை இருக்கும். அந்த இழுவிசையை மறந்தால் சங்கிலி தடையின்றி விழுவதாக ஆகிவிடும்.

இதே இடத்தில் சிலர் சாமர்த்தியமாக, “சரி, சராசரி முடுக்கம் எடுத்துக்கொள்வோம்” என்பார்கள். 1.96-க்கும் 9.8-க்கும் சராசரி 5.88. அதை `v² = 2as` சூத்திரத்தில் போட்டால் 2 × 5.88 × 0.8 = 9.408. அட, சரியான விடை! இது தற்செயல் இல்லை. முடுக்கம் x-உடன் நேர்கோட்டில் ஏறுகிறது. அதனால் தூரத்தின் மேல் எடுத்த சராசரி, இரு முனை மதிப்புகளின் சராசரியேதான். ஆனால் அதே 5.88-ஐ நேரத்தோடு பெருக்கினால் விடை தவறிவிடும். சங்கிலி நழுவி முடிக்க எடுக்கும் நேரம் 0.732 நொடி, 5.88 × 0.732 = 4.30. காரணம், சங்கிலி தன் நேரத்தில் பெரும்பகுதியைக் குறைந்த முடுக்கத்தில்தான் கழிக்கிறது. நேரத்தின் மேல் எடுத்த சராசரி 4.19தான். ஆக, சராசரி முடுக்கம் என்று சொல்லும்போது எதன் மேல் எடுத்த சராசரி என்பதைக் கேட்காமல் விடாதீர்கள்.

அறிகுறி: விடை 4.34 அல்லது 2.50

ஆற்றல் முறையில் போனவர்களுக்கு வரும் எண்கள் இவை. முறை சரி, நிறை எவ்வளவு ஆழம் இறங்கியது என்ற கணக்கில்தான் கோளாறு.

4.34 வந்திருந்தால், x நீளம் தொங்கும் பகுதியின் நிலை ஆற்றலை λx · g · x என்று எடுத்திருப்பீர்கள். தொங்கும் பகுதி முழுவதும் அடிமுனையில் உட்கார்ந்திருக்கவில்லை. மேசை மட்டத்திலிருந்து அடி வரை பரவியிருக்கிறது. அதன் நிறை மையம் பாதி ஆழத்தில், x/2-இல் இருக்கிறது. ஆகவே மேசை மட்டத்தைச் சுழியம் என்று வைத்தால் நிலை ஆற்றல் −λgx²/2. அந்த அரை விடுபட்டால் v² இரண்டு மடங்காகும், வேகம் 1.41 மடங்காகும். 3.07-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 4.34.

2.50 இன்னும் நயமான பிழை. “புதிதாக இறங்கிய நீளம் 0.8 மீட்டர், அதன் நிறை மையம் 0.4 மீட்டர் ஆழத்தில்” என்று எழுதியிருப்பீர்கள். படித்தால் குற்றமே தெரியாது. ஆனால் புதிதாக இறங்கியது மேலே இருக்கிறது, ஏற்கெனவே தொங்கிய 20 சென்டிமீட்டரும் சும்மா இருக்கவில்லை; அதுவும் 80 சென்டிமீட்டர் கீழே போயிருக்கிறது. அதன் ஆற்றல் இழப்பு கணக்கில் வராமல் போய்விட்டது.

இதைத் திருத்த இரண்டு வழி. நேர்வழி, விடுபட்டதைச் சேர்ப்பது: λ(0.8)g(0.4) + λ(0.2)g(0.8) = 0.48λg. இன்னொன்று எனக்குப் பிடித்த குறுக்குவழி. சங்கிலி சீரானது, ஒரு கண்ணிக்கும் மறு கண்ணிக்கும் வித்தியாசமில்லை. தொடக்கப் படத்தையும் முடிவுப் படத்தையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்தால், மேலே இருக்கும் 20 சென்டிமீட்டர் தொங்கல் இரண்டிலும் பொது. மாறியது இவ்வளவுதான்: மேசை மேல் இருந்த 80 சென்டிமீட்டர் காணாமல் போய், 0.2 முதல் 1 மீட்டர் வரையான ஆழத்தில் முளைத்திருக்கிறது. அதன் மையம் 0.6 மீட்டரில். λ(0.8)g(0.6) = 0.48λg. அதே எண். இயக்க ஆற்றல் ½λLv²; இரண்டையும் சமப்படுத்தினால் v² = 9.408.

இயக்க ஆற்றலில் முழு L போட வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். x = L என்ற முடிவுக் கணத்தில் இது பிழையை மறைத்துவிடும், ஏனென்றால் அப்போது தொங்கும் நீளமும் முழு நீளமும் ஒன்றே. நடுவில் ஒரு x-க்குச் சோதித்தால் வெளியே வந்துவிடும்: x = 0.5 மீட்டரில் சரியான வேகம் 1.43. தொங்கும் பகுதிக்கு மட்டும் இயக்க ஆற்றல் கொடுத்திருந்தால் 2.03 வரும்.

அறிகுறி: விடை 2.55, அல்லது g/3 என்ற முடுக்கம்

இந்த விடை வந்தவரைத் தவறு செய்தவர் என்று சொல்ல மனம் வராது. அவர் வேறொரு கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார்.

நடப்பது இதுதான். தொங்கும் நீளம் கூடுவதால் அதன் நிறை மாறுகிறது. நிறை மாறுகிறது என்றால் `F = ma` போதாது, உந்தத்தின் மாறுவீதத்தைத்தான் எழுத வேண்டும் என்று ராக்கெட் பாடம் நினைவுக்கு வரும். தொங்கும் பகுதியின் உந்தம் λxv, அதன் மேல் செயல்படும் எடை λxg என்று வைத்து எழுதுவார்கள்:

```
d(λ x v)/dt = λ x g
```

இரு பக்கமும் xv-ஆல் பெருக்கித் தொகையிட்டால் v² = 2g(x³ − b³)/(3x²). நம் எண்களுக்கு 6.48, வேகம் 2.55. b மிகச் சிறியதாக இருந்தால் v² = 2gx/3 என்று சுருங்கும்; அதாவது g/3 என்ற மாறாத முடுக்கம்.

இந்தச் சமன்பாடு ஒரு நிலைமைக்குப் பொருந்தும்: சங்கிலி நேராகக் கிடக்காமல் விளிம்பருகே குவியலாகக் கிடக்கும்போது. அங்கே தொங்கும் பகுதியோடு சேரும் ஒவ்வொரு கண்ணியும் அதுவரை அசையாமல் கிடந்தது. சேரும் கணத்தில் சுழிய வேகத்திலிருந்து v வேகத்துக்கு வெடுக்கென்று இழுக்கப்படுகிறது. ஆங்கிலேயக் கணிதவியலர் ஆர்தர் கெய்லி 1857-இல் எடுத்துக்கொண்டது இப்படிப்பட்ட குவியல் சங்கிலியைத்தான். நம் சங்கிலியோ நேராக நீட்டிக் கிடக்கிறது. விளிம்பைத் தாண்டி வரும் கண்ணி ஏற்கெனவே v வேகத்தில் ஓடிக்கொண்டுதான் வருகிறது. அதற்குப் புதிதாக வேகம் கொடுக்க வேண்டியதில்லை. தன் உந்தத்தைத் தானே கொண்டுவருகிறது.

மேலேயுள்ள சமன்பாட்டில் என்ன விடுபட்டது என்று பார்த்தால், இரண்டு விஷயம். வரும் கண்ணிகள் கொண்டுவரும் உந்தம், நொடிக்கு λv². அப்புறம், மேசைப் பகுதி பின்னுக்கு இழுக்கும் இழுவிசை T. இரண்டையும் சேர்த்து எழுதினால் λv² இரு பக்கமும் அடிபட்டு, λxg − T = λxa என்று நிற்கும். மேசைப் பகுதிக்கு T = λ(L − x)a. இரண்டையும் கூட்டினால் பழைய a = gx/L வந்து நிற்கிறது. உந்த முறை தவறல்ல, எல்லைக்குள் எது வருகிறது என்பதைக் கணக்கில் சேர்க்காததுதான் தவறு.

ஆற்றல் பக்கத்திலிருந்தும் இதைப் பிடிக்கலாம். குவியல் சங்கிலியில், b மிகச் சிறியதாக இருக்கும்போது, இழந்த நிலை ஆற்றல் λgx²/2. கிடைத்த இயக்க ஆற்றல் λgx²/3. மூன்றில் ஒரு பங்கு கண்ணிகளின் வெடுக்கிழுப்பில் போய்விடுகிறது. நேரான சங்கிலியில் இழுப்பு எதுவும் இல்லை, ஆற்றல் அப்படியே நிற்கிறது. ஆகவே நேரான சங்கிலிக்கு ஆற்றல் இழப்புக் காட்டும் விடை வந்தால், உராய்வே இல்லாத கணக்கில் ஆற்றல் எங்கே போனது என்று கேட்டாலே போதும்.

2.50-உம் 2.55-உம் ஒட்டிக்கொண்டு இருப்பதால் எந்தப் பிழை என்று குழம்பலாம். b-ஐ 0.5 ஆக்கி மறுபடி போட்டுப் பாருங்கள். நிறை மையப் பிழை 1.57 தரும், குவியல் சமன்பாடு 2.39 தரும், சரியான விடை 2.71. இன்னும் தெளிவான வேறுபாடு முடுக்கத்தின் போக்கில் இருக்கிறது. நேரான சங்கிலியில் முடுக்கம் சிறியதாகத் தொடங்கி g வரை ஏறும். குவியல் சங்கிலியில் அது g-இல் தொடங்கி g/3-ஐ நோக்கி இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசை. உங்கள் வரைபடத்தில் முடுக்கம் இறங்கிக்கொண்டே போனால், நீங்கள் போட்டது வேறு சங்கிலிக்கான கணக்கு.

அறிகுறி: நேரம் முடிவிலி என்கிறது, அல்லது நிரல் நிற்காமல் ஓடுகிறது

முடுக்கம் x-க்கு நேர்விகிதம் என்பதால் x அடுக்கு வேகத்தில் வளரும்: x = b cosh(t√(g/L)). இதைத் திருப்பினால் நழுவி முடிக்கும் நேரம் `√(L/g) · arccosh(L/b)`, நம் எண்களுக்கு 0.732 நொடி. b = 0 என்று போட்டால் arccosh முடிவிலிக்கு ஓடிவிடும். கணிப்பானில் பழுது இல்லை. எதுவுமே தொங்காவிட்டால் இழுக்க எதுவும் இல்லை. சங்கிலி அப்படியே கிடக்கும். வேகச் சூத்திரம் மட்டும் b = 0-க்கும் 3.13 என்று அழகான எண் தந்துவிடும், அதனால்தான் இந்தப் பிழை கண்ணுக்குத் தப்புகிறது.

தொடக்கத் தொங்கல் சிறியதாக இருந்தால் எவ்வளவு நேரம் வீணாகும்? b சிறியதாக இருக்கும் வரை, அதைப் பத்தில் ஒன்றாக்கும் ஒவ்வொரு முறையும் சுமார் 0.74 நொடி கூடுகிறது. ஒரு சென்டிமீட்டர் தொங்கலுக்கு 1.69 நொடி, ஒரு மில்லிமீட்டருக்கு 2.43 நொடி. முடிவு வேகமோ கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. நம் 20 சென்டிமீட்டர் கணக்கிலேயே இந்தச் சோம்பல் தெரியும்: முதல் 20 சென்டிமீட்டர் நகர 0.42 நொடி, மீதி 60 சென்டிமீட்டருக்கு 0.31 நொடிதான்.

எண்முறையில் சரிபார்க்க விரும்பினால் இந்தச் சிறு நிரல் போதும்:

```python
g, L, b = 9.8, 1.0, 0.2
x, v, t, dt = b, 0.0, 0.0, 0.0001
while x < L:
    v += g * x / L * dt
    x += v * dt
    t += dt
print(t, v)
```

ஏறத்தாழ 0.732, 3.067 என்று வர வேண்டும். b = 0 கொடுத்தால் இது முடிவே இல்லாமல் சுற்றும், காரணம் மேலே சொன்னதுதான். விடை 1.77 வந்தால், முடுக்கத்தை `while` சுற்றுக்கு வெளியே ஒரே ஒரு முறை கணித்துவிட்டு உள்ளே அதையே பயன்படுத்தியிருக்கிறீர்கள். முடுக்கம் 9.8-ஐத் தாண்டினால், x < L என்ற நிபந்தனை தவறிவிட்டது. முழுச் சங்கிலியும் மேசையை விட்டபின் இழுக்கப்பட வேண்டியது எதுவும் மிச்சமில்லை; அதன்பின் முடுக்கம் வெறும் g.

அறிகுறி: உராய்வு சேர்த்ததும் வர்க்கமூலத்துக்குள் எதிர்ம எண்

உராய்வுக் குணகம் μ என்றால், மேசை மேல் கிடக்கும் பகுதி மட்டுமே உராய்வைத் தருகிறது: μλg(L − x). சங்கிலி சரியச் சரிய இந்தப் பகுதி குறைவதால் உராய்வும் குறைந்துகொண்டே வரும்.

```
a  = (g/L)[(1 + μ)x − μL]
v² = (g/L)(x − b)[(1 + μ)(x + b) − 2μL]
```

μ = 0.2 என்றால் முடிவு வேகம் 2.86. உங்களுக்கு 2.63 வந்திருந்தால், உராய்வு விசையைத் தொடக்கத்தில் இருந்த அளவிலேயே நிறுத்திவைத்து 0.8 மீட்டரால் பெருக்கியிருக்கிறீர்கள். உண்மையில் அது முழு அளவிலிருந்து சுழியம் வரை நேர்கோட்டில் குறைகிறது, ஆகவே வேலை அதில் பாதி.

எதிர்ம எண் வந்தால் பதற வேண்டாம். சங்கிலி புறப்படவே இல்லை என்று கணக்கு சொல்கிறது. முடுக்கம் நேர்மமாக இருக்க b, μL/(1 + μ)-ஐ விடப் பெரியதாக இருக்க வேண்டும். μ = 0.2-க்கு அந்த எல்லை 16.7 சென்டிமீட்டர், நம் 20 சென்டிமீட்டர் தப்பித்துவிடும். μ = 0.3 ஆனால் எல்லை 23.1 சென்டிமீட்டர், சங்கிலி அசையாது.

இதைவிட ஆபத்தானது எதிர்ம எண் *வராமல்* போவது. μ = 0.3, b = 0.2, x = 1 என்று சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். வேகம் 2.74 என்று ஒரு குறையும் இல்லாத விடை வரும்! அசையாத சங்கிலிக்கு எப்படி வேகம்? முடிவுக் கணத்தில் ஆற்றல் கணக்கு லாபத்தில் இருக்கிறது, ஆனால் அங்கே போய்ச்சேரும் வழியில் நஷ்டம். x = 0.22-இல் v²-ஐக் கணித்தால் −0.01 வருகிறது. ஆற்றல் சமன்பாடு இரு முனைகளை மட்டுமே பார்க்கும், நடுவில் தடை இருந்தால் சொல்லாது. அதனால் உராய்வு இருக்கும் கணக்கில் முதலில் விசையை வைத்துப் புறப்படுகிறதா என்று பாருங்கள், அப்புறம்தான் ஆற்றல். புறப்படுவதைத் தீர்மானிப்பது நிலை உராய்வுக் குணகம், சரிவின்போது செயல்படுவது இயக்க உராய்வுக் குணகம். முன்னது பொதுவாகப் பெரியது.

செய்முறையில் எல்லை நீளத்தை அளந்தால், சூத்திரம் சொல்வதைவிட அதிகமாகத் தொங்கவிட்ட பிறகே சங்கிலி நகரும். மேசையின் பரப்பு மட்டுமல்ல, விளிம்பும் உராய்கிறது. உருண்டையான விளிம்பில் நெகிழ்வான கயிறு 90 பாகை திரும்பினால், ஒரு பக்க இழுவிசைக்கும் மறு பக்க இழுவிசைக்கும் உள்ள விகிதம் அதிகபட்சம் e^(μπ/2) வரை போகலாம். μ = 0.2-க்கு அது 1.37. இதைச் சேர்த்தால் எல்லை 16.7-இலிருந்து 21.5 சென்டிமீட்டருக்கு ஏறிவிடும். நம் 20 சென்டிமீட்டர் சங்கிலி இப்போது புறப்படாது.

அறிகுறி: கணக்கு சரி, ஆனால் காணொளியில் சங்கிலி வேறு மாதிரி போகிறது

கைப்பேசியில் மெதுவியக்கமாகப் படம் பிடித்து, சட்டகம் சட்டகமாக x-ஐ அளந்தால், முதல் பாதி கோட்டின் மேல் அழகாக உட்காரும். பாதியைத் தாண்டியதும் விலகத் தொடங்கும். கூர்ந்து பார்த்தால் சங்கிலி விளிம்பை ஒட்டி இறங்கவில்லை. வெளிப்பக்கமாக வளைந்து வீசிக்கொண்டு போகிறது. உராய்வையோ காற்றையோ குற்றம் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இது சூத்திரத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் எல்லை.

கிடைமட்டத் திசையை மட்டும் கவனியுங்கள். மேசைப் பகுதியின் கிடைமட்ட உந்தம் λ(L − x)v. இது தொடக்கத்தில் சுழியம், முடிவிலும் சுழியம், நடுவில் ஏறி இறங்குகிறது. ஏறுவதற்கு முன்னோக்கி ஒரு விசை வேண்டும், இறங்குவதற்குப் பின்னோக்கி ஒரு விசை வேண்டும். முழுச் சங்கிலிக்கும் கிடைமட்டமாக விசை தரக்கூடியது, உராய்வு இல்லாதபோது, விளிம்பு ஒன்றுதான். விளிம்பால் சங்கிலியை வெளியே தள்ள முடியும். உள்ளே இழுக்க முடியாது.

எப்போது இழுக்க வேண்டி வரும்? உந்தத்தின் மாறுவீதத்தை எழுதினால் விளிம்பு தர வேண்டிய விசை T − λv² என்று வருகிறது. இழுவிசை சங்கிலியை விளிம்போடு அழுத்துகிறது. வளைவில் ஓடும் நிறையின் வேகமோ அதைப் பிரித்துக்கொண்டு நேரே போகப் பார்க்கிறது. T = λgx(L − x)/L என்பதால் இழுவிசை x = L/2-இல் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்குகிறது, v² மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகியே தீரும்:

```
2x² − Lx − b² = 0
x = [L + √(L² + 8b²)] / 4
```

நம் எண்களுக்கு x = 0.537 மீட்டர், வேகம் 1.56, புறப்பட்டு 0.525 நொடி. அதற்குப் பிறகு சங்கிலி விளிம்பைத் தொடுவதே இல்லை. b எவ்வளவு சிறியதானாலும் இது பாதி நீளத்துக்கு முன் நடக்காது. b எவ்வளவு பெரியதானாலும் வால் விளிம்பை எட்டுமுன் நடந்துவிடும்.

அப்படியானால் 3.07 என்ற விடை? விளிம்பில் சங்கிலியைச் செங்கோணமாகத் திருப்பும் வழவழப்பான வளைகுழாய் ஒன்று இருக்கிறது என்று சொல்லாமல் வைத்துக்கொண்டால்தான் அது சரி. குழாயின் வெளிச்சுவர் தேவையான பின்னோக்கிய விசையைத் தந்துவிடும். வெறும் மேசை விளிம்பு என்றால், 0.537 மீட்டருக்குப் பிறகு a = gx/L என்று எழுத உரிமை இல்லை; சங்கிலி கிடைமட்ட உந்தத்தில் ஒரு பகுதியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு பறக்கிறது, தொங்கும் பகுதி செங்குத்தாகவும் இல்லை.

ஆய்வகத்தில் சூத்திரத்தைச் சோதிக்க நினைத்தால் அளவீட்டை இந்த எல்லைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். v²-ஐ x²-க்கு எதிராக வரைந்தால், உராய்வு புறக்கணிக்கத்தக்கதாக இருந்தால், நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்வு g/L, x² அச்சை அது வெட்டும் இடம் b². கோடு தொடக்கத்திலிருந்தே வளைந்தால் உராய்வைத் தேடுங்கள். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கோடு x² = 0.29-ஐ ஒட்டி முறிந்தால், அது மேலே கண்ட 0.537-இன் வர்க்கம்தான். முழு நீளத்துக்கும் அளக்க வேண்டும் என்றால் வளைகுழாயை உண்மையிலேயே பொருத்த வேண்டியதுதான். அப்போது குழாயின் சுவர் உராய்வையும் கணக்கில் சேர்க்க வேண்டி வரும்.